முதல் ஆர்டருக்கு முன் இலவச சாம்பிள் கேட்பது: திருப்பூர் டி-சர்ட்டை வைத்து ஓர் எளிய விளக்கம்

எனக்குத் தங்கை முறையாகும், திருச்சியில் இருக்கும் ஒருத்தி, வெற்று டி-சர்ட் வாங்கி அதில் தமிழ் வாசகங்களை அச்சிட்டு விற்கலாம் என்று ஒருநாள் முடிவு செய்தாள். திருப்பூரில் பத்து மொத்த வியாபாரிகளின் எண்களைத் தேடி எடுத்து, பத்துப் பேருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே வரியை அனுப்பினாள்: "டி-சர்ட் ரேட் என்ன, ஃப்ரீ சாம்பிள் அனுப்ப முடியுமா?" இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் விலைப்பட்டியலை மட்டும் அனுப்பிவிட்டு நிறுத்திக்கொண்டார். இன்னொருவர் "எத்தனை பீஸ் எடுப்பீங்க?" என்று கேட்டார், அவளிடம் விடை இல்லை. திருப்பூரில் சில ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் வந்து புலம்பினாள். இந்தக் கட்டுரை அவளுக்கு நான் சொன்னதன் விரிவு.

சாம்பிள் என்ற சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. உள்ளங்கை அகலத் துணித்துண்டும் நிறங்களை வரிசையாக ஒட்டிய ஷேடு கார்டும் முதல் வகை. கிடங்கில் ஏற்கெனவே தைத்து அடுக்கி வைத்திருக்கும் சரக்கிலிருந்து எடுத்துத் தரும் முழு பீஸ் இரண்டாவது வகை. நாம் சொல்லும் அளவில், நிறத்தில், கழுத்து அமைப்பில் நமக்கென்றே புதிதாகத் தைத்துத் தருவது மூன்றாவது. முதலாவதை ஏறக்குறைய எல்லோரும் இலவசமாகத் தருவார்கள். இரண்டாவதைக் கேட்கிற விதத்தில் கேட்டால் பலர் தருவார்கள். மூன்றாவதை, பெரிய ஆர்டர் உறுதியாகத் தெரிந்தாலொழிய, யாரும் இலவசமாகத் தர மாட்டார்கள். தர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

ஏன் நியாயமில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். 180 ஜிஎஸ்எம் துணியில், அதாவது ஒரு சதுர மீட்டர் 180 கிராம் எடையுள்ள துணியில், வெட்டுக்கழிவையும் சேர்த்தால் ஒரு கிலோவுக்கு ஆண்களுக்கான டி-சர்ட் ஏறக்குறைய நான்கு கிடைக்கும். துணி ரோலாகத்தான் பின்னப்படுகிறது. ஒரு ரோல் இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். சாயப்பட்டறையில் குறைந்த எடைக்கென்று ஒரு தொகை இருக்கிறது. அதற்குக் கீழே எத்தனை கிலோ கொடுத்தாலும் அந்தத் தொகையை வாங்கிவிடுவார்கள். ஆகவே கடையில் இல்லாத ஒரு பச்சை நிறத்தில் ஒரே ஒரு பீஸ் வேண்டும் என்று கேட்பவர், தமக்குத் தெரியாமலேயே, ஒரு ரோல் துணிக்குச் சாயம் போடச் சொல்கிறார். அறுபது பீஸ் முதல் ஆர்டர் என்றாலும் அது பதினைந்து கிலோ துணிதான். அவ்வளவு சிறிய வியாபாரத்துக்காக ஒரு வியாபாரி புதிதாகச் சாயம் போட்டால், ஆர்டர் வந்தாலும் அவருக்கு நட்டம்தான்.

இன்னொரு செலவு வெளியில் தெரியாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவின்படி, இலவச சாம்பிளாகக் கொடுத்துவிட்ட பொருளுக்கு வியாபாரி தாம் முன்பு கட்டிய உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. எடுத்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். ஒரு பீஸுக்கு அது சிறு தொகைதான். ஆனால் நாள்தோறும் சாம்பிள் கேட்டுப் பலர் வரும் கடையில் அந்தச் சிறு தொகையும், கணக்கில் அதைத் தனியாகக் காட்ட வேண்டிய தொல்லையும் சேர்ந்துகொள்கின்றன. அதனால்தான் சிலர், "இலவசமாக இல்லை, பில் போட்டுத் தருகிறேன், ஆர்டர் கொடுத்தால் அதில் கழித்துக்கொள்ளலாம்" என்று சொல்கிறார்கள். புதிதாக வருபவர்கள் இதைக் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், முதல் பேச்சிலேயே பில் என்று சொல்கிற வியாபாரி, எதையும் கேட்காமல் பை நிறைய அள்ளிக்கொடுக்கிறவரைவிட நம்பத் தகுந்தவர். கழித்துக்கொள்வதாகச் சொன்னதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எத்தனை பீஸ் ஆர்டருக்கு, எத்தனை நாளுக்குள் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

தங்கையின் வரிக்குத் திரும்புவோம். "ரேட் என்ன, சாம்பிள் அனுப்ப முடியுமா?" என்ற கேள்வியில், படிக்கிற வியாபாரிக்குத் தெரிய வேண்டிய எதுவுமே இல்லை. வாங்குகிறவரா, வேடிக்கை பார்க்கிறவரா என்று அவரால் பிரித்தறிய முடியாது. எந்தத் துணி, எந்த நிறம், எத்தனை பீஸ், எப்போது ஆர்டர், சாம்பிள் வந்த பிறகு எத்தனை நாளில் பதில் என்ற ஐந்தும் தெரிந்தால், கிடங்கில் எதை எடுத்துத் தருவது என்று அவரே முடிவு செய்துவிடுவார். பத்துப் பேருக்குப் பதில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, கீழே உள்ளபடி எழுதச் சொன்னேன்:

"வணக்கம் சார். திருச்சியிலிருந்து எழுதுகிறேன். அச்சிட்டு விற்பதற்காக ஆண்களுக்கான ரவுண்ட் நெக், அரைக்கை டி-சர்ட் தேவைப்படுகிறது. நூறு சதவீதம் காட்டன், 180 ஜிஎஸ்எம், பயோவாஷ். முதல் ஆர்டர் 60 பீஸ்: கறுப்பு 40, நேவி புளூ 20; அளவு எம், எல், எக்ஸ்எல். நன்றாக விற்றால் மாதந்தோறும் இதே சரக்கை எடுக்கலாம் என்று இருக்கிறேன். புதிதாகத் தைத்துத் தர வேண்டாம். இப்போது கையிருப்பில் ஓடிக்கொண்டிருக்கும் லாட்டிலிருந்து கறுப்பில் எல் அளவு இரண்டு பீஸும், உங்கள் ஷேடு கார்டும் கிடைக்குமா? கூரியர் செலவு என்னுடையது. துவைத்துப் பார்த்துவிட்டு, பொருள் கைக்கு வந்த பத்து நாளுக்குள் எடுக்கிறேனா இல்லையா என்று எப்படியும் சொல்லிவிடுவேன்."

மூன்று பேரும் அன்றைக்கே பதில் அளித்தார்கள். அவர்களில் ஒருவர் போனிலேயே கூப்பிட்டுச் சொன்னதை அவள் எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினாள்: "சாம்பிள் கொடுக்கறதுல ஒண்ணும் இல்லீங்க தங்கச்சி. இருக்கறதுல இருந்து எடுத்துக் கொடுக்கறதுன்னா இன்னிக்கே போட்டுடலாமுங்க. புதுசா ஓட்டித்தான் கொடுக்கோணும்னாத்தான் காசு வேணும்." இருவர் இலவசமாக அனுப்பினார்கள், ஒருவர் பில் போட்டு, 50 பீஸுக்கு மேல் எடுத்தால் கழிப்பதாக எழுதித் தந்தார்.

அந்தச் செய்தியில் உள்ள சில சொற்கள் சும்மா போட்டவை அல்ல. "இரண்டு பீஸ்" என்பதற்குக் காரணம், ஒன்று சாகப் போகிறது. அதை வெட்டி, துவைத்து, தேய்த்து, கொளுத்தியும் பார்க்கப் போகிறோம். மற்றொன்றை உறை பிரிக்காமல் வைத்திருந்து, ஆர்டர் சரக்கு வரும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே பீஸ் வாங்கினால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். "கறுப்பு" என்று கேட்டதற்குக் காரணம், சாயக் குறை அடர்நிறத்தில்தான் வெளிப்படும். வெள்ளை பீஸ் சாயத்தைப் பற்றி எதையும் சொல்லாது. "ஓடிக்கொண்டிருக்கும் லாட்டிலிருந்து" என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. அதைச் சற்று விளக்க வேண்டும்.

ஒரே தடவையில் சாயம் போட்டு ஒன்றாக வெளிவந்த துணி முழுவதும் ஒரு லாட். அடுத்த வாரம் அதே பட்டறையில் அதே கறுப்பைப் போட்டாலும் அது வேறு லாட். நிறத்தில் சிறு வேறுபாடு இருக்கலாம், எடையிலும் இருக்கலாம். சாம்பிள் ஒரு லாட்டிலிருந்தும் ஆர்டர் சரக்கு இன்னொரு லாட்டிலிருந்தும் வந்தால், நாம் செய்த சோதனை எல்லாம் வேறொரு துணிக்குச் செய்த சோதனையாகிவிடுகிறது. இதில் ஏமாற்றும் எண்ணம் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஆறு மாதத்துக்கு முன் தைத்து அலமாரியில் மாட்டி வைத்த அழகான பீஸை நல்லெண்ணத்தோடு எடுத்து அனுப்பினாலும் விளைவு ஒன்றுதான். ஆகவே சாம்பிளோடு லாட் எண்ணையும், அந்த லாட்டில் இன்னும் எத்தனை பீஸ் அல்லது எத்தனை கிலோ கையிருப்பு என்பதையும் கேட்டு எழுதி வாங்குவது நல்லது.

திருப்பூர் காதர்பேட்டையில் வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அங்கே பல கடைகளில் இருப்பது ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சிய சரக்கு. துணி மிக நன்றாக இருக்கும், விலையும் குறைவாக இருக்கும்; ஆனால் அது தீர்ந்தால் தீர்ந்ததுதான், அதே துணி திரும்ப வராது. ஒருமுறை விற்றுவிட்டுப் போகிறவருக்கு அது லாபம். மாதந்தோறும் அதே டி-சர்ட்டை விற்க நினைக்கிறவர் அங்கே சாம்பிள் எடுத்துச் சோதிப்பதில் பயனில்லை. "இது ஸ்டாக் லாட்டா, தொடர்ந்து ஓட்டுகிறீர்களா?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் நேரான பதில் கிடைக்கும்.

சாம்பிள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உறையைப் பிரித்ததும் எல்லோரும் செய்வது துணியை விரல்களுக்கு நடுவே வைத்துத் தடவிப் பார்ப்பது. அந்தத் தடவலை நம்ப வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். கடைசிக் கட்டத்தில் சிலிக்கான் மென்மையூட்டி போட்ட துணி, சுமாரான நூலில் பின்னியதாக இருந்தாலும் வெண்ணெய் போல வழுக்கும். சில துவைப்புகளில் அந்த வழவழப்புக் கரைந்துபோகும். கை சொல்வதைத் துவைத்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் தராசைக் கேட்க வேண்டும்.

ஜிஎஸ்எம் பார்ப்பதற்குத் தொழிற்சாலைகளில் வட்டக் கத்தி ஒன்று இருக்கிறது. அது சரியாக 100 சதுர செ.மீ. துண்டை வெட்டித் தரும், அதன் எடையை நூறால் பெருக்கினால் விடை. வீட்டில் அதற்குப் பதில் அட்டையில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரம் ஒன்று வெட்டி, அதைத் துணிமேல் வைத்து, துணியை இழுக்காமல் கோடு போட்டு வெட்டினால் அதே 100 சதுர செ.மீ. கிடைக்கும். கிராமில் இரண்டு தசமம் காட்டும் சிறு தராசு ஒன்று வேண்டும். சமையலறைத் தராசு இதற்கு உதவாது. சாகப் போகிற பீஸின் முன்புறம், பின்புறம், கை ஆகிய மூன்று இடங்களில் வெட்டி, சராசரி எடுக்க வேண்டும். மூன்று துண்டும் சேர்ந்து 5.40 கிராம் இருந்தால் சராசரி 1.80, துணி 180 ஜிஎஸ்எம். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால் மழைநாளில் எடை சற்றுக் கூடும். எல்லா சாம்பிளையும் ஒரே நாளில், ஒரே அறையில் சில மணி நேரம் விரித்து வைத்த பிறகு நிறுத்தால் ஒப்பீடு கெடாது. ஐந்து சதவீதம் வரை கூடக் குறைய இருப்பதைத் தொழிலில் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

தங்கையின் மூன்று சாம்பிள்களில் இரண்டு 180-ஐ ஒட்டியே வந்தன. மூன்றாவதில் சராசரி 1.66 கிராம். அதாவது 180 என்று சொன்ன இடத்தில் 166. ஏறக்குறைய எட்டு சதவீதம் குறைவு. ஒரு கிலோ துணியில் கூடுதல் பீஸ் எடுப்பதற்காகத் துணியை அகலத்தில் சற்று இழுத்து முடித்திருந்தால் இப்படி வரும். இதைச் செய்தவர் யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை. அவருடைய விலைதான் மூன்றிலும் குறைவு என்பதை மட்டும் சொல்லலாம்.

அடுத்தது சுருக்கம். எடை பார்க்கத் துண்டு வெட்டிய இடங்கள் துவைத்தால் பிரியும் என்பதால், உண்மையில் சுருக்க அளவை முதலில் முடித்துவிட்டுப் பிறகு வெட்டுவதும் ஒரு வழி. ஆனால் துவைத்த துணியின் எடை வேறாக இருக்கும். நான் சொல்வது, துண்டுகளைக் கைப்பகுதியிலும் தோள் ஓரத்திலும் கீழ் மடிப்பு ஓரத்திலுமாக எடுத்துக்கொண்டு, நடுப்பரப்பை முழுதாக விட்டுவிடுவது. அந்த நடுப்பரப்பில் நீளவாக்கில் 25 செ.மீ. இடைவெளியிலும் குறுக்குவாக்கில் 25 செ.மீ. இடைவெளியிலும் மாறுபட்ட நிற நூலால் ஒவ்வொரு தையல் போட்டு அடையாளம் வைக்க வேண்டும். கறுப்புத் துணியில் பேனா அடையாளம் தெரியாது. தெரிந்தாலும் துவைப்பில் போய்விடும். பிறகு வீட்டில் எப்படித் துவைக்கிறோமோ அப்படியே மூன்று முறை துவைத்து, கொடியில் தொங்கவிடாமல் தட்டையாக விரித்துக் காயவைத்து அளக்க வேண்டும். தொங்கவிட்டால் ஈரத்தின் எடை துணியை நீட்டிவிடும், அளவு பொய்யாகும்.

அவளுடைய சாம்பிள்களில் ஒன்றில் நீளம் 25-லிருந்து 24 செ.மீ. ஆனது, நான்கு சதவீதம், பரவாயில்லை. இன்னொன்றில் 23.5 ஆனது, ஆறு சதவீதம். ஆறு சதவீதம் என்பது கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் 72 செ.மீ. நீளமுள்ள டி-சர்ட்டில் அது நான்கு செ.மீ.க்கும் அதிகம். இரண்டு மாதம் கழித்துக் கையைத் தூக்கினால் வயிறு தெரிகிறது என்று வாடிக்கையாளர் சொல்லும்போதுதான் அது எவ்வளவு பெரிய எண் என்று புரியும். பின்னலாடை நீளவாக்கில்தான் அதிகம் சுருங்கும். பதப்படுத்தும் ஒவ்வொரு கட்டத்திலும் துணி நீளவாக்கில் இழுபட்டுக்கொண்டே வருகிறது, காம்பாக்டிங் என்ற கடைசிக் கட்டத்தில் அதைத் திரும்ப அமுக்கிச் சரிசெய்ய வேண்டும். அந்தக் கட்டத்தை அவசரமாக முடித்த துணி நம் வீட்டு வாளியில் வந்து தன் இயல்பு நீளத்துக்குத் திரும்புகிறது.

துவைத்துக் காய்ந்த அதே பீஸை மேசையில் விரித்து, பக்கத் தையலையும் பார்க்க வேண்டும். நேராகக் கீழே இறங்க வேண்டிய தையல் முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ சாய்ந்து போயிருந்தால், பின்னலின் கண்கள் முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். ஒற்றைப் பின்னல் துணியில் நூலின் முறுக்கால் சிறிதளவு சாய்வு வருவது இயல்பு. விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் போனால், நெஞ்சில் நேராக அச்சிட்ட வாசகமும் கோணலாகத் தெரியும் என்பதால் அச்சிடுகிறவர் அதை எடுக்கக் கூடாது. பக்கத் தையலே இல்லாமல் குழாய்த் துணியில் தைத்திருந்தால், துவைக்கும் முன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு நூலோட்டம் போட்டுவைத்து அதைப் பார்க்கலாம். கூடவே, துணியின் மேற்பரப்பில் மெல்லிய பஞ்சு ரோமம் எழும்பியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பயோவாஷ் என்பது நொதியைக் கொண்டு அந்த ரோமத்தை நீக்கும் முறை. மூன்று துவைப்புக்குள்ளேயே மேற்பரப்பு நரைத்தது போலத் தெரிந்தால், பயோவாஷ் நடந்ததா என்று கேட்க வேண்டியிருக்கும்.

சாயத்துக்கு இன்னும் எளிய சோதனை. வெள்ளைத் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து விரலில் சுற்றி, துவைக்காத கறுப்புத் துண்டின்மேல் பத்து முறை முன்னும் பின்னும் அழுத்தித் தேய்த்தால் போதும். லேசான சாம்பல் படிவது அடர்நிறங்களில் வழக்கம். விரல் வடிவமே பதிந்தால், அந்தச் சட்டை முதல் நாளே வியர்வையில் பனியனைக் கறுப்பாக்கிவிடும். நூறு சதவீதம் காட்டன்தானா என்ற ஐயம் இருந்தால், ஓரத்திலிருந்து சில நூல்களை உருவி முறுக்கி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரிவது போல மணந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கடினமான சிறு மணியாக உறையும்.

இவ்வளவும் செய்து ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிறகு, மற்ற இருவருக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், காரணத்தோடு. தங்கை முதலில் தயங்கினாள். ஆறு சதவீதம் சுருங்கியதாக அளவோடு எழுதியபோது அந்த வியாபாரி கோபித்துக்கொள்ளவில்லை. எந்த லாட் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். வேறு லாட்டில் மறுபடி சாம்பிள் அனுப்பட்டுமா என்று அவரே கேட்டார். சாம்பிளை வாங்கிவிட்டுக் காணாமல் போகிறவர்கள்தான் அடுத்து வருகிறவர்களுக்கு இலவச சாம்பிள் கிடைக்காமல் செய்கிறார்கள்.

இப்போது ஆர்டர். இந்த இடத்தில் பலர் "சாம்பிள் ஓகே, 60 பீஸ் அனுப்புங்க" என்று எழுதிப் பணத்தையும் போட்டுவிடுகிறார்கள். சோதித்ததெல்லாம் வாய்ப்பேச்சாகிவிடும். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் சாம்பிளைப் பார்த்து நடக்கும் விற்பனைக்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறது. அதுவும் 17-ஆம் பிரிவுதான். மொத்தச் சரக்கு தரத்தில் சாம்பிளோடு ஒத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வாங்குகிறவருக்கு நியாயமான வாய்ப்புத் தர வேண்டும். சாம்பிளை முறையாகப் பார்த்தாலும் தெரிந்திருக்க முடியாத, விற்கவே இயலாமல் செய்கிற குறை எதுவும் சரக்கில் இருக்கக் கூடாது என்கிறது அது. 15-ஆம் பிரிவு, சாம்பிளோடு விவரிப்பும் சேர்ந்திருந்தால் சரக்கு இரண்டுக்கும் பொருந்த வேண்டும் என்கிறது. ஆனால் இந்த விற்பனை சாம்பிளின் அடிப்படையில்தான் நடந்தது என்பது ஆர்டரில் தெரிய வேண்டும். அறுபது பீஸுக்காக யாரும் நீதிமன்றம் போகப் போவதில்லை என்பது உண்மைதான். எழுத்தில் இருந்தால் போனிலேயே முடிந்துவிடும் என்பதும் உண்மை.

ஆகவே ஆர்டரில், இன்ன தேதியில் நீங்கள் அனுப்பிய இன்ன லாட் எண்ணுள்ள சாம்பிளின்படி, நூறு சதவீதம் காட்டன், 180 ஜிஎஸ்எம் ஐந்து சதவீதம் கூடக் குறைய, மூன்று துவைப்புக்குப் பின் நீளச் சுருக்கம் ஐந்து சதவீதத்துக்கு மேற்படாமல், என்று எழுத வேண்டும். பிரிக்காமல் வைத்திருக்கும் இரண்டாவது பீஸின் உறையைத் தாளால் ஒட்டி, தாளின் குறுக்கே கையெழுத்தும் தேதியும் போட்டு, அதைப் படம் எடுத்து ஆர்டரோடு அனுப்பிவிட வேண்டும். ஏற்றுமதிக் கம்பெனிகளில் இதை சீல்டு சாம்பிள் என்பார்கள்; அங்கே இரு தரப்பும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது வழக்கம். பணத்தைப் போடும் முன், அவர்கள் கொடுத்த பதினைந்து இலக்க ஜிஎஸ்டி எண்ணை gst.gov.in தளத்தில் தேடி, பெயரும் முகவரியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகும். தமிழ்நாட்டில் பதிந்தவர் என்றால் எண் 33 என்று தொடங்கும்.

சரக்கு வந்ததும் முதலில் அச்சுக்கு அனுப்பிவிடக் கூடாது. அச்சிட்ட பீஸை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள். சீல் வைத்த பீஸைப் பிரித்து, முழு பீஸாகவே நிறுத்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு வந்த மூட்டையில் மேலிருந்து மட்டும் எடுக்காமல் நடுவிலும் அடியிலும் கைவிட்டு, அதே அளவில் ஐந்து பீஸை எடுத்து ஒவ்வொன்றாக நிறுக்க வேண்டும். ஒரே அளவு, ஒரே தையல் என்பதால் எடை ஒத்துப்போனால் துணியும் ஒத்துப்போகிறது. வெட்ட வேண்டிய தேவையில்லை. தங்கையின் சாம்பிள் எல் அளவு 186 கிராம் இருந்தது. வந்தவற்றில் நான்கு பீஸ் 183-க்கும் 188-க்கும் இடையில் இருந்தன. ஒன்று மட்டும் 171. அந்த ஒன்றை ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் சாம்பிளோடு வைத்துப் பார்த்தபோது கறுப்பில் மெல்லிய செம்மை தெரிந்தது. வேறு லாட் கலந்திருக்கிறது என்று புரிந்து மூட்டை முழுவதையும் நிறுத்தாள். அப்படி ஏழு பீஸ் இருந்தன. எடையைக் காட்டும் படங்களையும் ஆர்டர் வரியையும் சேர்த்து அனுப்பினாள். எண்ணிக்கையை நிரப்ப ஆட்கள் பக்கத்து அடுக்கிலிருந்து எடுத்துப் போட்டிருப்பார்கள் என்று வியாபாரி சொன்னார்; அது நம்பும்படியாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் ஏழு பீஸ் மாற்றி வந்தன.

சீல் வைத்த பீஸை ஆர்டர் முடிந்ததும் போட்டுக்கொள்ளத் தோன்றும். அதை மறுபடி உறையிலிட்டு, வெயில் படாத அலமாரியில் வைக்கச் சொன்னேன். ஜன்னல் ஓரத்தில் இருந்தால் சாம்பிளே வெளுத்து, அடுத்து வரும் நல்ல சரக்கைக் கெட்ட சரக்காகக் காட்டும். இரண்டாம் ஆர்டர் புது லாட்டில்தான் வரும். அப்போது கேட்க வேண்டியது முழு பீஸ்கூட அல்ல. புது லாட்டிலிருந்து கையகலத் துண்டு ஒன்று போதும், அதை யாரும் காசு கேட்காமல் கடித உறையில் போட்டு அனுப்பிவிடுவார்கள்.